பத்து ரிங்கிட்டின் பூர்வீகம்

2025 ஜூலை 1ஆம் தேதிக்குப் பிறகு பாயான் பாருவில் வீடுகளுக்கு வந்த கரண்டு பில்லைப் பார்த்தவர்களுக்கு அதில் புதிய கட்டணங்கள் தென்பட்டிருக்கும். அதற்கு முன் படிக்கட்டு முறை இருந்தது. முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், அடுத்த 100க்கு 33.40 சென் என்று விலை ஏறிக்கொண்டே போகும். இப்போது அந்தப் படிகள் இல்லை. மாதம் 1,500 யூனிட்டுக்குள் ஓட்டும் வீட்டுக்கு எரிசக்திக் கட்டணம் யூனிட்டுக்கு 27.03 சென், கொள்ளளவுக் கட்டணம் 4.55 சென், மின்கம்பிக் கட்டமைப்புக்கான கட்டணம் 12.85 சென். மூன்றையும் கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 சென். இவற்றோடு சில்லறை விற்பனைக் கட்டணம் என்று மாதம் 10 ரிங்கிட் தனியாக நிற்கிறது. 600 யூனிட்டும் அதற்குக் குறைவாகவும் ஓட்டும் வீடுகளுக்கு இந்தப் பத்து ரிங்கிட் கிடையாது.

“ஓட்டுன யூனிட்டுக்குத்தான் காசு வாங்கிட்டாங்களே, இந்தப் பத்து வெள்ளி எதுக்கு?” என்று கேட்காத குடும்பம் குறைவு. நியாயமான கேள்வி. உள்ளே வருவதற்கு ஒரு தொகை, எடுத்துக்கொள்வதற்கு அளவுப்படி ஒரு தொகை என்று பில்லை இரண்டாகப் பிரிப்பதைப் பொருளியலில் இருபகுதிக் கட்டணம் என்பார்கள். இந்த முறை இரண்டு இடங்களில் இரண்டு காரணங்களுக்காகப் பிறந்தது. ஒரு பிறப்பு மின் நிலையத்தின் செலவுக் கணக்கில் நடந்தது. மற்றது, போட்டியே இல்லாத ஒரு விற்பனையாளர் வாடிக்கையாளரிடமிருந்து எவ்வளவு எடுக்க முடியும் என்ற கணக்கில் நடந்தது. காகிதத்தில் இரண்டு பில்லும் ஒன்று போலவே இருக்கும். எது எந்த வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடிக்க, இரண்டின் பிறப்பையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் பிறப்பின் வாரிசைப் பார்க்க பாயான் பாருவிலிருந்து வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்திலேயே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை இருக்கிறது. 1972இல் தொடங்கிய சுதந்திர வர்த்தக வட்டாரம் அது. இன்டெல் போன்ற நிறுவனங்கள் அப்போதே வந்து இறங்கின. அங்குள்ள பெரிய தொழிற்சாலைகளின் மின்கட்டணம் பல காலமாகவே இரண்டு பகுதிகளாகத்தான் இருக்கிறது. 2025 மாற்றத்துக்கு முன்பு நடுத்தர மின்னழுத்தத்தில் மின்சாரம் வாங்கிய பொதுத் தொழிற்சாலை ஒன்று யூனிட்டுக்கு 33.70 சென் கட்டியது. அதோடு, அந்த மாதத்தில் ஒரு கட்டத்தில் அதிகபட்சமாக எத்தனை கிலோவாட் இழுத்ததோ அந்த உச்சத்துக்கு, கிலோவாட்டுக்கு 29.60 ரிங்கிட் வீதம் தனியாகக் கட்டியது. மாதம் முழுவதும் சிக்கனமாக ஓட்டிவிட்டு, ஒரே ஒரு அரை மணி நேரம் எல்லா இயந்திரங்களையும் ஒன்றாகத் தட்டிவிட்டாலும் அந்த உச்சம் பில்லில் ஏறிவிடும். அதனால்தான் தொழிற்சாலைப் பராமரிப்புப் பொறியாளர்கள் பெரிய இயந்திரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்த உச்சக் கணக்குக்குத் தகப்பன் ஜான் ஹாப்கின்சன். 1849இல் மான்செஸ்டரில் பிறந்த பொறியாளர். 1892 நவம்பர் 4ஆம் தேதி, லண்டனில் இளம் பொறியாளர்களின் சங்கம் ஒன்றில் தலைமையுரை ஆற்றினார். மின்சாரம் வழங்க ஆகும் செலவு என்ன என்பதுதான் பேச்சின் பொருள். அந்தக் காலத்தில் மின்சாரம் என்றாலே விளக்குதான். குளிர்கால மாலையில் ஊரே ஒரே நேரத்தில் விளக்கு ஏற்றும், மற்ற நேரத்தில் கொதிகலன்கள் சும்மா எரிந்துகொண்டிருக்கும். ஆனால் அந்த ஒரு மாலைக்காகத்தான் கொதிகலனும் டைனமோவும் கம்பியும் அந்த அளவில் வாங்கிப் போட வேண்டியிருந்தது.

ஹாப்கின்சன் செலவை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, எந்த நொடியில் கேட்டாலும் தருவதற்குத் தயாராக நிற்பதற்கான செலவு. வாடிக்கையாளர் ஒரு யூனிட் கூட எடுக்காவிட்டாலும் இது ஆகும். மற்றது, உண்மையில் எடுத்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் எரியும் நிலக்கரியின் செலவு. இதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். இரண்டு கடைகள், இரண்டும் 10 கிலோவாட் இழுக்கக்கூடியவை. ஒன்று தினம் ஒரு மணி நேரம் விளக்கெரிக்கிறது, மற்றது பத்து மணி நேரம். மாதத்தில் முதல் கடை 300 யூனிட், இரண்டாவது 3,000 யூனிட். இருவருக்கும் மின் நிலையம் ஒதுக்கி வைத்திருப்பது அதே 10 கிலோவாட்தான். யூனிட் கணக்கில் மட்டும் காசு வாங்கினால், ஒரே அளவு இயந்திரத்துக்கு இரண்டாவது கடைக்காரர் பத்து மடங்கு கட்டுகிறார். இது அநியாயம் மட்டுமல்ல, வியாபாரத்துக்கும் கேடு. நிலையத்துக்கு மிகவும் லாபமான அந்த இரண்டாவது வாடிக்கையாளர், விலை அதிகம் என்று வாயு விளக்குக்கே திரும்பிவிடுவார். அதனால் தயாராக நிற்பதற்கு உச்சத்தின் அளவில் ஒரு தொகை, எரிந்ததற்கு யூனிட் கணக்கில் ஒரு சிறு தொகை என்று பிரித்து வாங்க வேண்டும் என்றார் ஹாப்கின்சன்.

யோசனை சரி. ஆனால் ஒரு கடை எந்த நேரத்தில் எவ்வளவு உச்சமாக இழுத்தது என்று யார் நின்று பார்ப்பது? இதற்கு விடை கண்டவர் இங்கிலாந்தின் பிரைட்டன் ஊரில் மின் பொறியாளராக இருந்த ஆர்தர் ரைட். அவர் செய்த கருவி ஒரு கண்ணாடிக் குழாய்தான். வளைந்த குழாயின் ஒரு முனையில் காற்று அடைத்த குமிழ், அதைச் சுற்றி மின்சாரம் ஓடும் கம்பி. மின்னோட்டம் கூடும்போது கம்பி சூடாகும், குமிழிலுள்ள காற்று விரியும், குழாயிலுள்ள திரவம் மறுபக்கம் ஏறும். ஏறிய திரவம் வழிந்து பக்கத்திலுள்ள ஒரு குறுகிய குழாயில் விழும். விழுந்தது திரும்பி வராது. மின்னோட்டம் குறைந்தாலும், அன்றுவரை எட்டிய உச்சம் அந்தக் குறுகிய குழாயில் அளவாக நிற்கும். சூடு ஏறக் கொஞ்சம் நேரம் பிடிப்பதால், ஒரு நொடி எகிறும் மின்னோட்டத்தை அது கண்டுகொள்ளாது. மாதக் கணக்கு எடுக்க வருபவர் அளவைக் குறித்துக்கொண்டு குழாயைச் சாய்ப்பார், திரவம் பழைய இடத்துக்குப் போய்விடும். இவ்வளவு எளிய பொருளால் ஒரு வணிக முறையே சாத்தியமானது என்பதை நான் எப்போதும் வியப்போடு நினைப்பதுண்டு. அளக்க முடியாத ஒன்றுக்கு விலை வைக்க முடியாது என்பதைப் பொருளியல் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை.

எடிசனிடம் செயலாளராக இருந்து பிறகு சிகாகோவின் மின் நிறுவனத்துக்குத் தலைவரான சாமுவேல் இன்சல் 1894இல் பிரைட்டனுக்கு வந்தார். சின்னக் கடைகளில் கூட மின்விளக்குகள் தாராளமாக எரிவதைப் பார்த்து விசாரித்தார். ரைட்டின் மீட்டரும் கட்டண முறையும் காரணம் என்று தெரிந்துகொண்டு, அதே முறையைச் சிகாகோவுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அது உலகம் முழுவதும் பரவியது. இன்று பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையின் பில்லில் கிலோவாட் கணக்கில் நிற்கும் தொகை, இந்த வம்சத்தைச் சேர்ந்தது.

இரண்டாவது பிறப்பு பல்கலைக்கழக அறைகளில் நடந்தது. கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில் பிறந்து லண்டனில் பாடம் நடத்திய ஆர்தர் லூயிஸ், 1941இல் எகனாமிகா இதழில் இருபகுதிக் கட்டணத்தைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். பின்னாளில், 1979இல், பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் இவர். இந்தக் கட்டணத்தை மின் பொறியாளர்களின் செலவுக் கணக்காக மட்டும் பார்க்காமல், விற்பவர் கையிலுள்ள ஒரு விலை ஆயுதமாகவும் ஆராய்ந்தார். 1946இல் ரொனால்ட் கோஸ் அதே இதழில் வேறொரு சண்டைக்கு இதைப் பயன்படுத்தினார். யூனிட் விலையை இறுதிநிலைச் செலவுக்கு, அதாவது கூடுதலாக ஒரு யூனிட் தர ஆகும் செலவுக்குச் சமமாக வைத்தால், கட்டுமானச் செலவை எங்கிருந்து எடுப்பது என்பது அந்தச் சண்டை. அரசு மானியம் கொடுக்கட்டும் என்றது ஒரு தரப்பு. பயன்படுத்துகிறவரிடமே நிலையான தொகையாக வாங்கலாமே என்றார் கோஸ்.

ஆனால் ஏகபோக விற்பனையாளரின் கண்ணால் கணக்கை முழுமையாகப் போட்டுக் காட்டியவர் வால்டர் ஓய். லாஸ் ஏஞ்சலிஸில் ஜப்பானிய வம்சாவளியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது அவர் குடும்பமும் உள்ளே போனது. பின்னர் பார்வையை இழந்தும் பொருளியலில் தொடர்ந்தவர். 1971இல் வந்த அவருடைய கட்டுரை டிஸ்னிலேண்டை எடுத்துக்கொண்டது. 1955இல் கலிஃபோர்னியாவில் திறந்த அந்தக் கேளிக்கைப் பூங்காவில் அப்போது உள்ளே நுழைய ஒரு சீட்டு, ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிச் சீட்டு. வாசலில் நிறைய வாங்கிக்கொண்டு உள்ளே விளையாட்டுகளைச் சும்மா விடுவதா, வாசலைத் திறந்துவிட்டு விளையாட்டுக்கு விலை ஏற்றுவதா, இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது? இதுதான் ஓய் கேட்ட கேள்வி.

அவருடைய விடையை நம் ஊருக்குக் கொண்டுவந்து போட்டுப் பார்ப்போம். யாருடைய கட்டுப்பாடும் இல்லாத ஒரு மின் வியாபாரி என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். டிஎன்பி அப்படிப்பட்டதல்ல, அதன் கட்டணம் எரிசக்தி ஆணையத்தின் கண்காணிப்பில் இருக்கிறது. கீழே வரும் எண்களும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவைதான்.

பெரிய வீடு ஒன்று. யூனிட் விலை p சென் என்றால் அந்த வீடு மாதம் வாங்கும் யூனிட்

q = 500 − 5p

விலை 100 சென்னைத் தொட்டால் ஒரு யூனிட்டும் வாங்காது, இலவசம் என்றால் 500 யூனிட் ஓட்டும். கூடுதல் யூனிட் ஒவ்வொன்றையும் தர வியாபாரிக்கு 20 சென் செலவு.

நுழைவுத் தொகை இல்லாமல் யூனிட் விலை மட்டும் வைக்கலாம் என்றால், எது நல்ல விலை? 100க்கும் 20க்கும் நடுவில், 60 சென். அப்போது 200 யூனிட் விற்கும், யூனிட்டுக்கு 40 சென் மிச்சம், லாபம் 80 ரிங்கிட். ஆனால் அந்த வீட்டுக்கும் ஒரு ஆதாயம் மிஞ்சுகிறது. முதல் யூனிட்டுக்கு 100 சென்வரை கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் 60 சென்தான் கொடுத்தார்கள். இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு யூனிட்டுக்கும் சேர்த்தால் நுகர்வோர் உபரி கிடைக்கும். கோட்டுக்குக் கீழே, விலைக்கு மேலே உள்ள முக்கோணத்தின் பரப்பு அது. பாதி × 40 சென் × 200 யூனிட், அதாவது 40 ரிங்கிட். இதைத் தவிர, செலவுக்கு மேல் கொடுக்கத் தயாராக இருந்தும் விலை அதிகம் என்று வாங்காமல் விட்ட 200 யூனிட் இருக்கிறது. அதில் இன்னொரு 40 ரிங்கிட் யாருக்கும் இல்லாமல் போய்விட்டது.

இருபகுதிக் கட்டணம் இந்த இரண்டு நாற்பதுகளையும் வியாபாரியின் கைக்குக் கொண்டுவருகிறது. யூனிட் விலையைச் செலவுக்கே, 20 சென்னுக்கே இறக்கு. வீடு 400 யூனிட் ஓட்டும். அப்போது அந்த வீட்டின் உபரி பாதி × 80 × 400, அதாவது 160 ரிங்கிட். அந்த 160 ரிங்கிட்டையும் மாத நுழைவுத் தொகையாகக் கேள். வீடு கொடுத்துவிடும், ஏனென்றால் கொடுக்காவிட்டால் மின்சாரமே கிடையாது. லாபம் 80லிருந்து 160 ஆகிவிட்டது.

யூனிட் விலையைக் கொஞ்சம் உயர்த்தினால் இன்னும் கிடைக்காதா என்று தோன்றும். 21 சென் ஆக்கிப் பாருங்கள். வீடு 395 யூனிட் ஓட்டும், யூனிட்டுக்கு ஒரு சென் வீதம் 395 சென் புதிதாக வரும். ஆனால் வீட்டின் உபரி 397.5 சென் சுருங்கிவிடும், நுழைவுத் தொகையை அவ்வளவு குறைத்தே ஆக வேண்டும். இரண்டரை சென் நஷ்டம். ஒரே மாதிரி வாடிக்கையாளர்கள் மட்டும் இருந்தால், யூனிட்டைச் செலவு விலைக்கே கொடுத்துவிட்டு முழு லாபத்தையும் வாசலில் வாங்குவதுதான் சிறந்தது. ஓய்யின் முதல் முடிவு இது.

அவர் கட்டுரையின் உயிர் இருப்பது அடுத்த படியில். வீடுகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. பெரிய வீட்டோடு ஒரு சிறிய வீட்டையும் சேர்ப்போம். அதன் தேவை q = 400 − 5p, 80 சென்னுக்கு மேல் வாங்காது. சட்டப்படியோ நடைமுறைக்காகவோ இருவருக்கும் ஒரே நுழைவுத் தொகைதான் வைக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். யூனிட் 20 சென் என்றால் சிறிய வீட்டின் உபரி 90 ரிங்கிட். 160 கேட்டால் அந்த வீடு இணைப்பே வேண்டாம் என்று போய்விடும். 90 கேட்டால் இருவரும் இருப்பார்கள், லாபம் 180. அதாவது நுழைவுத் தொகையை முடிவு செய்வது இப்போது பெரிய வீடு அல்ல. நிறுத்தி வைத்துக்கொள்ள விரும்பும் வாடிக்கையாளர்களில் ஆகச் சிறியவர் யாரோ, அவர்தான்.

இங்கே யூனிட் விலையை 21க்கு உயர்த்திப் பாருங்கள். சிறிய வீட்டின் உபரி 297.5 சென் சுருங்கும், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நுழைவில் 595 சென் குறையும். ஆனால் இரண்டு வீடுகளும் சேர்ந்து 690 யூனிட் ஓட்டுகின்றன, அதில் 690 சென் வரும். மொத்தத்தில் 95 சென் லாபம். ஏனென்றால் பெரிய வீடு சிறிய வீட்டைவிட அதிகம் ஓட்டுகிறது. வாசலில் பிடிக்க முடியாத அதன் உபரியில் ஒரு பங்கை யூனிட் வழியாகப் பிடிக்கலாம். இப்படி ஒவ்வொரு சென்னாக ஏற்றிக்கொண்டே போனால் 29லிருந்து 30க்குப் போகும்போது 5 சென் கூடும், 30லிருந்து 31க்குப் போனால் 5 சென் குறையும். ஆக, நிற்க வேண்டிய இடம் 30 சென். அந்த விலையில் சிறிய வீட்டின் உபரி 62.50 ரிங்கிட், அதுவே நுழைவுத் தொகை. இரண்டு நுழைவுத் தொகை 125, அதோடு 600 யூனிட்டில் பத்துப் பத்து சென் வீதம் 60. மொத்த லாபம் 185 ரிங்கிட்.

யார் இதில் ஜெயித்தது என்பதையும் பார்க்க வேண்டும். நுழைவுத் தொகை இல்லாமல் இருவருக்கும் ஒரே யூனிட் விலை வைத்திருந்தால் வியாபாரி 55 சென் வைத்திருப்பார், லாபம் 122.50. அப்போது பெரிய வீட்டுக்கு சுமார் 50 ரிங்கிட் 60 சென் உபரி மிஞ்சியிருக்கும், சிறிய வீட்டுக்கு சுமார் 15 ரிங்கிட் 60 சென். இருபகுதிக் கட்டணத்தில் பெரிய வீட்டுக்கு 60 ரிங்கிட் மிஞ்சுகிறது. சிறிய வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மொத்த மின்பயன்பாடு 350லிருந்து 600 யூனிட்டுக்கு ஏறியது, வீணாகப் போன பலன் பெருமளவு மீட்கப்பட்டது. அதெல்லாம் உண்மை. ஆனால் மீட்ட பலனில் பங்கு கிடைத்தது வியாபாரிக்கும் பெரிய வீட்டுக்கும். சிறிய வீடு, தன்னிடம் இருந்த பதினைந்து ரிங்கிட்டையும் இழந்து நிற்கிறது. நிலையான கட்டணம் என்றால் ஏழை வீடுகள் ஏன் கோபப்படுகின்றன என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கைக் காட்டினால் போதும்.

இதைவிடக் கடுமையான நிலையும் உண்டு. இரண்டாவது வீடு இன்னும் சிறியதாக, ஒரு வாடகை அறையாக இருக்கட்டும். தேவை q = 300 − 5p. அதையும் சேர்த்து வைத்துக்கொள்ள வியாபாரிக்குக் கிடைக்கும் சிறந்த வழி யூனிட்டுக்கு 40 சென், நுழைவு 10 ரிங்கிட். லாபம் 100 ரிங்கிட்தான். அந்த அறையைக் கழற்றிவிட்டுப் பெரிய வீட்டிடம் மட்டும் 160 வாங்குவது அவருக்கு மேல். ஒரு பெரிய வீட்டுக்கு இரண்டு அறைகள் என்றாலும் கழற்றிவிடுவதுதான் லாபம். மூன்று அறைகள் ஆனால்தான் கணக்கு மாறுகிறது. யூனிட் 30 சென், நுழைவு 22.50, லாபம் 170 என்று அவர்கள் உள்ளே வருகிறார்கள். இருட்டில் விடப்படுவதும் வெளிச்சம் பெறுவதும் அந்த அறையில் இருப்பவரின் தேவையைப் பொறுத்ததாக இல்லை. அவரைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்ததாக இருக்கிறது.

இந்தக் கணக்கு முழுவதிலும் ஒரு பொருள் வரவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மின் நிலையம் கட்ட ஆன செலவு. ஹாப்கின்சனின் நிலையான தொகை அந்தச் செலவிலிருந்தே பிறந்தது. ஏகபோக வியாபாரியின் நுழைவுத் தொகையோ தேவைக் கோட்டிலிருந்து பிறக்கிறது. நிலையம் பத்து கோடியில் கட்டியதானாலும் நூறு கோடியில் கட்டியதானாலும் 62.50 என்பது 62.50 தான். கட்டுமானச் செலவு தீர்மானிப்பது கடையைத் திறந்து வைப்பதா மூடுவதா என்பதை மட்டும். ஒரு பில்லில் நிற்கும் நிலையான தொகை எந்த வம்சம் என்று சோதிக்க இதுவே வழி. அந்தத் தொகை எதைப் பின்தொடர்கிறது என்று பாருங்கள். கிலோவாட் உச்சத்தையும் மீட்டரையும் கம்பியையும் பின்தொடர்ந்தால் அது செலவின் பிள்ளை. செலவு மாறாதபோதும், வாடிக்கையாளருக்கு வேறு வழி இல்லாமல் போன இடத்தில் ஏறி, மாற்று வந்த இடத்தில் இறங்கினால் அது மற்ற வம்சம்.

இந்தச் சோதனையைப் பாயான் பாரு பில்லில் வைத்துப் பார்க்கலாம். பத்து ரிங்கிட் என்பது மீட்டர் பார்ப்பது, பில் அனுப்புவது, வாடிக்கையாளர் சேவை போன்றவற்றுக்கானது என்பதுதான் விளக்கம். இவை வீட்டுக்கு வீடு ஆகும் செலவுகள், யூனிட்டோடு ஏறி இறங்காதவை. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீடுகளுக்கு ஹாப்கின்சன் முறை முழுதாக வரவில்லை. கொள்ளளவுக்கும் கம்பிக்குமான செலவு தயாராக நிற்பதற்கான செலவு, அவரைக் கேட்டிருந்தால் அதை உச்சத்துக்கு ஏற்ப வாங்கச் சொல்லியிருப்பார். தொழிற்சாலைக்கு அப்படித்தான் கிலோவாட்டில் வாங்குகிறார்கள். வீட்டுக்கோ அதை யூனிட்டோடு கலந்து 17.40 சென்னாக வாங்குகிறார்கள். காரணம் மேலே பார்த்த சிறிய வீடுதான். நிலையான தொகையாகப் பிரித்து வைத்தால் அந்தச் சுமை குறைவாக ஓட்டுபவர் தலையில் பெரிதாக விழும். 600 யூனிட்டுக்குக் கீழே பத்து ரிங்கிட்டையும் விட்டுக்கொடுத்தது அதே கவலையில்தான்.

அந்த விலக்கில் ஒரு கோணல் இருக்கிறது. தள்ளுபடிகளையும் வரியையும் விட்டுவிட்டுப் பார்த்தால், 600 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு 266.58 ரிங்கிட். இன்னும் ஒரே ஒரு யூனிட் ஓட்டினால் அந்த யூனிட்டின் விலை 10 ரிங்கிட் 44 சென். மாதக் கடைசியில் எல்லைக்கு அருகில் நிற்கும் குடும்பம் ஏர்கோனை அணைத்துவிட்டு மின்விசிறிக்குப் போவதில் கணக்கு இருக்கிறது. எல்லையைத் தாண்டியவருக்கு அதே ஏர்கோன் மறுபடி 44 சென் யூனிட்தான்.

பாயான் பாருவில் தொழிற்சாலை ஊழியர்கள் பலர் சேர்ந்து எடுத்திருக்கும் வாடகை வீடுகளில் இது வேறு மாதிரி வெளிப்படுகிறது. ஆறு பேர், அறைக்கு ஒரு ஏர்கோன், ஒரே மீட்டர். ஆளுக்கு 150 யூனிட்தான் என்றாலும் வீட்டின் மொத்தம் 900. தனித்தனியாக எடுத்தால் ஒருவர்கூடப் பத்து ரிங்கிட் கட்ட வேண்டியதில்லை, சேர்ந்திருப்பதால் கட்டுகிறார்கள். ஆளுக்கு 1 ரிங்கிட் 67 சென் என்பதால் யாரும் சண்டை போடுவதில்லை. ஆனால் இதே ஏற்பாடு ஏகபோக வியாபாரிக்கு எதிராகவும் வேலை செய்யும் என்பதைக் கவனிக்க வேண்டும். நுழைவுத் தொகை 62.50 என்றால், ஆறு பேர் ஒரே இணைப்பில் ஒதுங்கி, உள்ளே துணை மீட்டர் வைத்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஆறு நுழைவு ஒரு நுழைவாகிவிடும். ஒருவர் வாங்கி மற்றவருக்குக் கொடுக்க முடிகிற எந்தப் பொருளிலும் நுழைவுத் தொகை நீண்ட நாள் தாங்காது. டிஸ்னிலேண்டில் ஒருவர் ஏறிய சவாரியை இன்னொருவருக்கு விற்க முடியாது, அதனால்தான் ஓய்யின் உதாரணம் அவ்வளவு சுத்தமாக அமைந்தது.

இப்போது கூரையில் சூரியத் தகடு வைத்த மாடி வீடுகள் ஹாப்கின்சனின் கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்திருக்கின்றன. பகலில் அந்த வீடு தன் மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது, மாதக் கடைசியில் டிஎன்பியிடம் வாங்கிய யூனிட் சொற்பம். ஆனால் மழை பிடித்த மாலையில் மூன்று ஏர்கோன்களும் தண்ணீர் சூடாக்கியும் ஒன்றாக ஓடும்போது, தகடு இல்லாத பக்கத்து வீட்டுக்கு எவ்வளவு கம்பியும் மின்மாற்றியும் வேண்டுமோ அவ்வளவும் அந்த வீட்டுக்கும் வேண்டும். யூனிட்டோடு கலந்து வாங்கும் 17.40 சென்னில் அந்தத் தயார்நிலைக்கு அவர்கள் கட்டுவது மிகக் குறைவு. மீதியைக் கட்டுவது தகடு வைக்க வசதியில்லாத ஃபிளாட்காரர்கள். வீட்டுக்கும் கிலோவாட் கணக்கில் வாங்கினால் இது சரியாகும், ஆனால் அப்போது குறைவாக ஓட்டும் சிறிய வீட்டுக்குத் தனி ஏற்பாடு செய்தாக வேண்டும். ரைட்டின் கண்ணாடிக் குழாய்க்கு இருந்த இடத்தில் இன்று ஸ்மார்ட் மீட்டர் இருக்கிறது. ஒவ்வொரு அரை மணி நேரத்திலும் வீடு எவ்வளவு இழுத்தது என்று அது குறித்து வைக்கிறது. அளக்க முடியாததால்தான் வீடுகளுக்கு உச்சக் கணக்கு வராமல் இருந்தது என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.